'உறுதி: அதிகம்' என்று வந்த மெயிலை யார் பார்ப்பது?

வாடிக்கையாளர் மெயில்களை சாட்பாட்டை வைத்து வகை பிரிக்கும் வேலையில் இருக்கிறேன். டெலிவரி, பணம் திரும்பக் கேட்பது, பழுது, பாராட்டு, மற்றவை என்று ஐந்து வகை. ஒவ்வொரு மெயிலுக்கும் 'உறுதி: அதிகம், நடுத்தரம், குறைவு' என்ற குறிப்பும் வரும். நடுத்தரமும் குறைவும் ஆள் பார்க்கும் வரிசைக்குப் போகும். 'அதிகம்' என்றால் யாரும் பார்க்காமலே தாண்டிப் போய்விடும். இந்தக் கடைசி ஏற்பாடு தப்பு என்பது என் தீர்மானமான கருத்து.

ஒரு மெயில் வந்தது. சீக்கிரம் வந்துவிட்டது, பேக்கிங் அருமை, மிக்க நன்றி என்று மூன்று வரி. நான்காவது வரியில், "சார்ஜரைச் செருகினால் மட்டும் கருகிய வாடை வருகிறது, பரவாயில்லை, பழையதையே வைத்துக்கொள்கிறேன்." சாட்பாட் போட்டது: பாராட்டு, உறுதி அதிகம். தானாகவே ஒரு நன்றிக் கடிதமும் போய்விட்டது. கருகிய வாடையை யாரும் படிக்கவில்லை.

அந்த 'அதிகம்' எதையும் அளந்து பார்த்துச் சொன்னது அல்ல. வகையின் பெயரை எப்படி எழுதுகிறதோ, அப்படியே அதையும் எழுதுகிறது. மெயிலின் தொனி தெளிவாக இருந்தால் தயக்கமில்லாமல் 'அதிகம்' போட்டுவிடும். கோபப்படாமல் குறை சொல்பவர்கள்தான் இதில் அடிபடுகிறார்கள்.

குறிப்பை நம்பலாமா என்று பார்க்க ஒரே வழி, நாமே எண்ணிப் பார்ப்பதுதான். 200 மெயில்களை முதலில் கையால் வகை பிரியுங்கள். அப்புறம் சாட்பாட்டிடம் கொடுங்கள். அது 150-க்கு 'அதிகம்' போட்டு, அதில் 9 தப்பு என்றால், 'அதிகம்' போட்டவற்றில் நூற்றுக்கு 6 மெயில் யார் கண்ணிலும் படாமல் தவறான இடத்துக்குப் போகிறது என்று அர்த்தம். அது பரவாயில்லையா என்பது எந்த வகையில் தப்பியது என்பதைப் பொறுத்தது. டெலிவரி 'மற்றவை'க்குப் போனால் பதில் தாமதமாகும், அவ்வளவுதான். கருகிய வாடை அப்படியல்ல.

அதனால் சூடு, புகை, காயம், வக்கீல் பற்றிய பேச்சு இருந்தால், உறுதி என்னவானாலும் ஆள் வரிசைக்கே போகட்டும். ஒரு மெயிலுக்கு இரண்டு வகை கொடுக்கவும், எந்த வரியை வைத்து முடிவு செய்தது என்று அந்த வரியை அப்படியே எடுத்துக் காட்டவும் சொல்லுங்கள். காட்டிய வரி மெயிலில் இல்லையென்றால் அதுவும் வரிசைக்குத்தான். இவ்வளவு செய்தும், 'அதிகம்' குவியலிலிருந்து வாரம் 50 மெயிலையாவது குருட்டாம்போக்கில் எடுத்துப் படிக்க வேண்டும். எப்போதாவது வரும் ஆபத்து அந்த 50-லும் சிக்காமல் போகலாம். மேலே சொன்ன கட்டாய விதி அதற்காகத்தான்.

இன்னொன்று. பார்ப்பவருக்கு சாட்பாட் போட்ட வகையை முதலிலேயே காட்டாதீர்கள். காட்டினால், நூறாவது மெயிலில் கை தானாகச் 'சரி' பொத்தானுக்குப் போகும். எங்கள் குழுவில் இப்போது அவர் தன் வகையைப் போட்ட பிறகுதான் அது தெரியும். இரண்டும் ஒத்துப்போகாத மெயில்களைத் தனியாக எடுத்து வைக்கிறோம். வகை விளக்கங்களைத் திருத்துவது அவற்றைப் படித்த பிறகுதான்.