மாற்றி எழுதினால் நீர்க்குறி நிலைக்குமா? உண்மை விளக்கம்

"செயற்கை நுண்ணறிவு எழுதியதில் மறைவான நீர்க்குறி இருக்கிறது. எவ்வளவு மாற்றி எழுதினாலும் பிடித்துவிடலாம்."

தவறு. நீர்க்குறி என்பது, ஒன்றை இயந்திரம் எழுதியது என்று பின்னர் கண்டறிய உதவும் அடையாளம். அதற்காக 2023-இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையைப் பார்த்தாலே காரணம் புரியும். அதில் குறி எந்த எழுத்துக்குள்ளும் ஒளிந்திருப்பதில்லை. ஒவ்வொரு சொல்லைத் தேர்வதற்கு முன்பும், முந்தைய சொல்லையும் ஒரு ரகசியச் சாவியையும் கொண்டு சொற்கள் 'பச்சை', 'சிவப்பு' எனப் பிரிக்கப்படுகின்றன. பச்சைச் சொற்களுக்குச் சற்றே கூடுதல் வாய்ப்பு தரப்படுகிறது. அவ்வளவுதான்.

சாவி வைத்திருப்பவர் பிறகு பச்சைச் சொற்களை எண்ணுகிறார். சரிபாதியாகப் பிரித்திருந்தால், மனிதர் எழுதிய 200 சொற்களில் சுமார் 100 பச்சையாக இருக்கும். 150 வந்தால் அதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

இப்போது 'மழை நன்றாகப் பெய்தது' என்பதை 'நல்ல மழை பெய்தது' என்று மாற்றுங்கள். 'பெய்தது' அப்படியே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னிருக்கும் சொல் மாறிவிட்டதால் அதன் நிறம் புதிதாகத் தீர்மானிக்கப்படுகிறது. பத்தி முழுவதையும் இப்படி மாற்றினால் 150 என்பது 110-க்கு இறங்கிவிடலாம்; மனிதர் எழுத்திலும் அந்த எண்ணிக்கை சாதாரணமாக வரும். நீண்ட கட்டுரையில் அங்கங்கே மட்டும் கை வைத்தால், தொடாத தொடர்களில் குறி மிஞ்சும் என்பதும் உண்மை.

ஆகவே, குறி தென்படவில்லை என்பதை வைத்து ஒன்றை மனிதர் எழுதியதாக முடிவு செய்யாதீர்கள்.