பன்னிரண்டாவது அசைன்மென்ட்டின் விலை முக்கால் மார்க்

அக்கா மகள் நேற்று ராத்திரி போன் பண்ணினாள். என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்று எடுத்திருக்கிறாள், பத்து அசைன்மென்ட் முடித்தாகிவிட்டது, இன்னும் இரண்டு பாக்கி. "மாமா, அந்த ரெண்டையும் போடவா, இல்ல பரிட்சைக்கு ரிவிஷன் பண்ணவா?" என்றாள். "எல்லாத்தையும் போட்டுடு"ன்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். ஆனால் நோட்டை எடுத்து கணக்குப் போட்டதில் ஒரு மணி நேரம் போனது.

விதி இதுதான். மொத்த நூறில் அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் பரிட்சைக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்ட்டின் சராசரியைத்தான் எடுப்பார்கள். அதாவது எட்டு போட்டபின் வரும் ஒவ்வொன்றும் விருப்பப்பாடம் மாதிரிதான். ஆனால் பிள்ளைகள் அதை முழு நூறு மார்க்காக நினைத்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

இவளுடைய மார்க்குகள்: 100, 95, 90, 90, 85, 80, 80, 75, அப்புறம் 60, 40. கடைசி இரண்டும் கணக்கில் வராது. புதிதாகப் போடும் அசைன்மென்ட் அந்த 75-ஐத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே வர முடியும். முழுசாக 100 வாங்கினாலும் லாபம் 25. அதை எட்டால் வகுத்து, அதில் கால்பங்கு எடுத்தால் 0.78. முக்கால் மார்க், அவ்வளவுதான்! பரிட்சையில் நூற்றுக்கு ஒரே ஒரு மார்க் கூடுதலாக வாங்கினால் கிடைப்பது 0.75, கிட்டத்தட்ட அதே. இன்னொன்று, அரைமணியில் அவசரமாகக் கிறுக்கி 70 வாங்கினால் பலன் பூஜ்யம், ஏனென்றால் 75-ஐத் தாண்டவில்லை.

அப்போ ரிவிஷன்தானா? அதுவும் எதை ரிவிஷன் பண்ணுகிறாள் என்பதைப் பொறுத்தது. எல்லாருமே 90 வாங்கின வாரத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார்கள், தெரிந்ததைப் படிக்கச் சுகமாக இருக்கும் (நானும் அப்படித்தான் படித்தேன், விளைவு வீட்டில் எல்லாருக்கும் தெரியும்). அசைன்மென்ட் கணக்கு இவளுடைய 40-ஐயும் 60-ஐயும் மன்னித்துவிட்டது, பரிட்சை மன்னிக்காது. அவை ஏழாவது வாரமும் நாலாவது வாரமும். கேள்விகள் எல்லா வாரத்துக்கும் ஏறக்குறைய சமமாக வரும் என்று வைத்தால் ஒரு வாரத்தின் பங்கு எட்டு மார்க்குக்குக் கொஞ்சம் மேல். ஏழாவது வாரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து 40 சதவீதத்தை 80 ஆக்கினால் பரிட்சையில் மூன்றே கால் மார்க்குக்கு மேல் கூடும், மொத்தத்தில் இரண்டரை. மணிக்கு ஒன்றேகால். 90 வாங்கின வாரத்தில் எவ்வளவு படித்தாலும் மொத்தத்தில் அரை மார்க்கைத் தாண்டுவதே பெரிது.

அந்த 80 உண்மையில் வந்ததா என்று பார்க்க, அதே அசைன்மென்ட்டைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை, விடை ஞாபகத்தில் இருக்கும். அதே பாடத்தின் பழைய வருடக் கேள்விகளை நோட்ஸ் இல்லாமல் போட்டுப் பார்க்கணும். 40 அப்படியே 50-ல் நின்றால் மணிக்கு 0.3 மார்க்தான், வேறு வாரத்துக்குத் தாவிவிட வேண்டியதுதான்.

பாக்கி இருக்கும் பதினொன்று, பன்னிரண்டாம் வாரங்களின் லெக்சரை எப்படியும் பரிட்சைக்காகப் பார்த்தாகணும். அதனால் லெக்சர் பார்க்க ஆகும் இரண்டரை மணி நேரத்தை அசைன்மென்ட் செலவில் எழுதக் கூடாது. லெக்சர் பார்த்த கையோடு முக்கால் மணியில் 95 வரும் என்றால் முதல் அசைன்மென்ட்டில் 0.6 மார்க், மணிக்கு 0.8; இரண்டாவது 80-ஐத் தள்ள வேண்டியிருப்பதால் கொஞ்சம் குறையும். மோசமில்லை. அதனால் நான் சொன்ன வரிசை: முதலில் ஏழு, அப்புறம் நாலு, அப்புறம் கடைசி இரண்டு வாரம் அசைன்மென்ட்டோடு. கடைசித் தேதி முந்தி வந்தால் மட்டும் வரிசையை மாற்றிக்கோ. நேரம் மிஞ்சினால்தான் 90 வாங்கினதெல்லாம்.

இதே கேள்விக்கு அவள் தோழிக்கு நேர்மாறான பதில். அந்தப் பெண் போட்டதே ஐந்து, சராசரி 60. கூட்டினால் 300, ஆனால் வகுப்பது எட்டால்தான், 37.5 வருகிறது. இருபத்தைந்துக்கு 9.4. பத்து இல்லாவிட்டால் பரிட்சையில் எவ்வளவு வாங்கினாலும் சர்டிஃபிகேட் கிடையாது. இன்னொரு 60 போட்டால் 11.25, தப்பித்தாள். அவளுக்கு இன்றைக்கு ரிவிஷன் என்ற பேச்சே வேண்டாம்.

"அவ இப்ப மும்முரமா ரிவிஷன் பண்ணிட்டு இருக்கா மாமா" என்றாள். உடனே அவளுக்குப் போன் போடு என்று சொல்லி வைத்துவிட்டேன்.