வார்டனிடம் சொல்வதற்கு முன்னால்

"வார்டனிடம் போய்ச் சொல்லு." ஹாஸ்டலில் சீனியர்களிடம் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு நாம் எல்லோரும் முதலில் சொல்வது இதுதான். அந்தப் பிள்ளைக்கு இது தெரியாதா? சொன்ன அன்று ராத்திரியும் அதே ஆட்களுக்கு நடுவில்தான் படுத்தாக வேண்டும். அவன் பயமே அதுதான். அதனால் மனதுக்கான உதவியையும் புகாரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். முதலாவதற்கு ஹாஸ்டலில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அதை முதலில் செய்யலாம்.

அக்கா மகன் பொறியியல் முதலாண்டு. வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ் ஏறும் நேரத்துக்கு அவனுக்கு வயிறு பிடித்துக்கொள்ளும், சில சமயம் வாந்தி. அல்சர் என்று நினைத்து ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. பிறகு மெதுவாகப் பேசும்போதுதான் மற்றவை வந்தன. சீனியர்கள் இருக்கிற நேரம் என்று இரவுச் சாப்பாட்டுக்கு மெஸ் போவதில்லை. பாத்ரூம் போகும் வழியில் கூப்பிடுவார்கள் என்று விடியும்வரை சிறுநீரை அடக்கிக்கொள்கிறான். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. அவன் ஊரையும் பேச்சையும் வைத்துக் கேலி, துணி துவைக்கச் சொல்வது, நடுராத்திரியில் எழுப்பி நிற்க வைப்பது. அடி இல்லை என்பதால் இது ரேகிங்கே இல்லை என்று அவனே நம்பியிருந்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளும், 2016இல் வந்த திருத்தமும் மனரீதியான துன்புறுத்தலையும் ரேகிங் என்றே சொல்கின்றன. ஊர், மொழி, சாதி, நிறம், வீட்டு வசதியை வைத்துச் செய்வதும் அதில் வரும்.

வீட்டுக்கு வந்திருந்த ஒரு சனிக்கிழமை மொட்டை மாடியில் உட்கார்ந்து அவன் 14416க்குப் பேசினான். டெலி-மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். கல்லூரிப் பெயரை அவன் சொல்லவில்லை. எதிர்முனையில் பேசிய பெண் "புகார் கொடு" என்று ஆரம்பிக்கவில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா என்று நேராகக் கேட்டார். அப்படித் தோன்றுகிறவர்கள் ஊருக்குப் போகும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே அழையுங்கள், அறையில் தனியாக இருக்காதீர்கள், நம்பும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

படபடப்பு வரும்போது மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடச் சொன்னார். அந்தப் படபடப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும் என்று தெரிந்ததே அவனுக்குப் பாதி பலம். ஆனால் காரணம் ஹாஸ்டலில் அப்படியே இருக்கும்போது மூச்சுப் பயிற்சி மட்டும் எவ்வளவு நாள் தாங்கும்?

அடுத்து, மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஓபி. 18 வயதைத் தாண்டியவர் சொல்வதை மருத்துவர் அவர் சம்மதம் இல்லாமல் கல்லூரிக்கோ வீட்டுக்கோ சொல்லக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அதைக் காக்கிறது. உயிருக்கு ஆபத்து மாதிரியான சில நிலைமைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. 17 வயதுப் பிள்ளை என்றால் பெற்றோரும் வர வேண்டியிருக்கும். தூக்கமின்மை, பதற்றம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து அவன் ரூம் மாற்றம் கேட்டான். அந்த மனுவில் யார் பெயரும் இல்லை. வேறு பிளாக் கிடைத்தது. எல்லாக் கல்லூரியிலும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன்.

இதற்கிடையில் ஒரு வேலையை விடாமல் செய்யச் சொன்னேன். என்ன நடந்தாலும் அன்றே தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, கூட இருந்தவர்கள் யார் என்று எழுதித் தன் மெயிலுக்கே அனுப்பிவிட வேண்டும். சீனியர்கள் போனை வாங்கிப் பார்ப்பார்கள், அதனால் போனில் அந்த மெயிலைத் திறந்து வைக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்ததை அவர்கள் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதையும் அனுப்பிவிட வேண்டும்.

அப்புறம்தான் புகார். ரேகிங் தடுப்புக்கான தேசிய உதவி எண் 1800-180-5522 அல்லது helpline@antiragging.in. பெற்றோரும் கொடுக்கலாம். தகவல் கொடுத்தவர் யார் என்பதைக் காக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் புகார் கடைசியில் அதே கல்லூரி நிர்வாகத்துக்குத்தான் போகும். நான்கு பேர் அறையில் நடந்ததை அப்படியே எழுதினால் பெயர் போடாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும். அதனால் முதல் தகவலில் "இரண்டாம் மாடியில் இரவு 10 மணிக்கு மேல் முதலாண்டு மாணவர்களை எழுப்பி நிற்க வைக்கிறார்கள்" என்று, பலருக்கும் நடப்பதை எழுதுவது நல்லது. நிர்வாகம் நேரில் வந்து பார்க்கவும் அது போதும். அடி, பாலியல் தொல்லை என்றால் இந்த நிதானமெல்லாம் வேண்டாம், நேராகப் போலீஸ். தமிழ்நாட்டில் 1997இலிருந்தே ரேகிங்குக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, இரண்டு ஆண்டுவரை சிறை.

பெற்றோரிடம் ஒன்று. பிள்ளை சொன்ன ஆத்திரத்தில் உடனே வார்டனுக்குப் போன் போடாதீர்கள். பல இடங்களில் வார்டன் இரண்டு பக்கத்தையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கைகுலுக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார். "இன்றைக்கு ராத்திரி நீ எங்கே படுக்கப் போகிறாய்?" என்று முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். அங்கே பாதுகாப்பில்லை என்றால் அவுட்பாஸ் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். வார்டனிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.