ஒரே தாய் தந்தை, ஒரே முன்னோர், இரண்டு நிறம்

சென்ற மாதம் தில்லியில் ஒரு கோயிலில் பிரசாத வரிசையில் நின்றிருந்தபோது, எனக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மா என் இரு மகள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் உங்க பொண்ணுங்களா? பெரியவளைப் பாத்தா நம்ம ஊர்ப் பொண்ணு மாதிரியே இல்லையே, உங்க வீட்ல யாராச்சும் வடக்கத்திக்காரங்களா?" என்று கேட்டார். பெரியவள் வெளிர் நிறம், சிறியவள் கருநிறம். இருவரும் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள். அந்த அம்மா கேட்டதில் தீய நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைச் சிறியவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். இருபது ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித்தருகிறவள் என்ற முறையில், அன்று வரிசையில் சொல்ல முடியாமல் போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கண்ணால் பார்க்கவோ கருவியால் அளக்கவோ முடிந்த பண்புக்குப் புறத்தோற்றம் என்று பெயர். தோல் நிறம், உயரம், முடியின் சுருள் எல்லாம் அதில் அடங்கும். அந்தப் பண்புக்குப் பின்னால் ஒருவருடைய உடலில் எந்தெந்த ஜீன் வடிவங்கள் இருக்கின்றன என்பது ஜீனாக்கம். ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு பிரதிகளாக, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருகிறது. ஜீனாக்கத்தோடு சூழலும் சேர்ந்தே புறத்தோற்றத்தை உருவாக்குகிறது. என் சின்ன மகள் தினமும் வெயிலில் கோ-கோ ஆடுகிறவள். அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றினால் பட்டைக்கு அடியில் இருக்கும் தோலும் அதைச் சுற்றியிருக்கும் தோலும் இரண்டு ஆட்களுடையவை போல இருக்கும். அதனால்தான் தோல் நிறத்தை ஆராய்கிறவர்கள், வெயில் அதிகம் படாத மேற்கையின் உட்புறத்தில் கருவியை வைத்து அளப்பது வழக்கம்.

வெயிலை ஒதுக்கிவிட்டு ஜீனை மட்டும் பார்ப்போம். பள்ளிப் பாடத்தில் தோல் நிறத்துக்கு A, B, C என்று மூன்று ஜீன்களை வைத்து ஓர் எளிய மாதிரி தருவார்கள். பெரிய எழுத்து ஒவ்வொன்றும் நிறத்தை ஒரு படி கூட்டும். சிறிய எழுத்து கூட்டாது. தாயும் தந்தையும் AaBbCc என்ற ஜீனாக்கம் உடைய மாநிறத்தவர்கள் என்று கொள்வோம். தாயின் கருமுட்டைகள் எட்டு வகையாக அமையலாம், தந்தையின் விந்தணுக்களும் எட்டு வகையாக அமையலாம். ஆக, கட்டம் போட்டால் மொத்தம் 64 கட்டங்கள் வரும். அவற்றில் பெற்றோரைப் போலவே மூன்று பெரிய எழுத்துகள் கொண்டவை 20 மட்டுமே. நான்கு கொண்டவை 15, இரண்டு கொண்டவை 15, ஐந்தும் ஒன்றும் கொண்டவை ஆறாறு, ஆறும் கொண்டது ஒன்று, எதுவுமே இல்லாதது ஒன்று. இந்தத் தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தால், இருவரும் ஒரே படியில் அமைவதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டால் 23 விழுக்காடுகூட வராது. அக்காளும் தங்கையும் வெவ்வேறு நிறமாக இருப்பதுதான் இங்கே இயல்பு, ஒரே நிறமாக இருப்பது அல்ல.

இந்தக் கட்டங்களை மறுபக்கமிருந்து பார்த்தால் இன்னொன்று புலப்படும். மூன்று பெரிய எழுத்துகள் என்ற ஒரே மாநிறத்தை AaBbCc மட்டுமல்ல, AABbcc, aaBbCC என ஏழு வெவ்வேறு ஜீனாக்கங்கள் தருகின்றன. ஜீனாக்கம் தெரிந்தால் நிறத்தை ஓரளவு சொல்லலாம். நிறத்தைப் பார்த்து ஜீனாக்கத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை. மூன்றே ஜீன்கள் கொண்ட மாதிரியிலேயே நிலைமை இதுதான். உண்மையில் தோல் நிறத்தில் பங்கு வகிக்கும் ஜீன்கள் இதைவிட மிகப் பல.

அவற்றில் நம் மண்ணோடு நெருங்கிய தொடர்புடைய ஒன்றைச் சொல்ல வேண்டும். 15ஆம் குரோமோசோமில் உள்ள அந்த ஜீனுக்கு எஸ்எல்சி24ஏ5 என்று பெயர். வரிக்குதிரை மீன்களில் வெளிர் நிறமான ஒரு வகையை ஆராய்ந்தபோது, மனிதரிலும் இது நிறத்தை மாற்றுகிறது என்று 2005இல் தெரியவந்தது. இந்த ஜீன் எழுதப்பட்டிருக்கும் டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்றே ஒன்று மாறினால் தோல் வெளிர்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், தென்னிந்தியப் பகுதியைச் சேர்ந்த 1228 பேரின் தோல் நிறத்தை அளந்து பார்த்தார்கள். அவர்களுக்குள் காணப்பட்ட நிற வேறுபாட்டில் சுமார் 27 விழுக்காட்டை இந்த ஓர் எழுத்தே விளக்கியது. இந்தியத் துணைக்கண்டத்தின் 54 சமூகங்களில் தேடியபோது, அந்த வெளிர்நிற வடிவம் பரவலாக, ஆனால் வெவ்வேறு அளவில், இருப்பது தெரிந்தது. ஐரோப்பியரிடம் உள்ளதும் நம்மிடம் உள்ளதும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. அந்த மூலத்தின் வயது 22,000 முதல் 28,000 ஆண்டுகள் வரை என்று மதிப்பிட்டார்கள்.

இதைப் படித்ததும், "அப்படியானால் வெளிர் நிறத்தவர் வெளியிலிருந்து வந்தவர்தானே?" என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். வம்சாவளி என்பது ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட மரபுத்தொகுதி முழுவதும் பரவிக் கிடப்பது. நிறத்தை மாற்றும் இந்த ஓர் எழுத்து, எத்தனையோ தலைமுறைக்கு முன்னிருந்த ஒரு பாட்டன் வழியாக வந்திருக்கலாம். மீதியெல்லாம் வேறு நூற்றுக்கணக்கான பாட்டன் பாட்டிகளிடமிருந்து வந்திருக்கும். என் மகள்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இருவருடைய முன்னோரும் ஒரே ஆட்கள், ஒருவர்கூட மாறவில்லை. ஒவ்வொரு பாட்டி தாத்தாவிடமிருந்தும் வந்த பங்கின் அளவு மட்டும் சற்றுக் கூடக்குறைய இருக்கலாம். இதற்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. ஒரே முன்னோர் இரண்டு நிறங்களைத் தரும்போது, நிறத்தைக் கொண்டு முன்னோரை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு நேர்மாறானதும் உண்டு. கிழக்காசிய மக்களின் வெளிர் நிறத்துக்கு நான் சொன்ன அந்த எழுத்து மாற்றம் காரணமல்ல. அது வேறு ஜீன்களால் தனியே உருவானது. அந்தமான் தீவுகளின் ஓங்கே மக்களின் கருநிறத்தையும் சுருள்முடியையும் பார்த்து, இவர்கள் ஆப்பிரிக்கரின் நெருங்கிய உறவினர் என்று பலர் நெடுங்காலம் நினைத்தார்கள். மரபுத்தொகுதியைப் படித்தபோது, அவர்கள் ஆப்பிரிக்கரைவிட மற்ற ஆசியருக்கே நெருங்கியவர்கள் என்று தெரிந்தது. வெயில் கடுமையான நிலங்களில் கருநிறத்தை இயற்கைத் தேர்வு காத்து நிறுத்துவதால், தொலைவான இரண்டு மக்கள் ஒன்றுபோலத் தோன்றிவிடுகிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சராசரி என்று எடுத்தால் நிறத்துக்கும் வாழிடத்துக்கும் தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. அந்த வெளிர்நிற வடிவம் வட இந்தியாவில் இயற்கைத் தேர்வால் பெருகியதற்கு அதே ஆய்வில் சான்று கிடைத்தது, தென்னிந்தியாவில் கிடைக்கவில்லை. ஆயிரம் பேரின் சராசரியைப் பற்றிப் பேசும்போது இது பயன்படும். வரிசையில் முன்னால் நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்போது பயன்படாது, ஏனென்றால் ஒரே சமூகத்துக்குள்ளேயே, ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு வடிவங்களும் கலந்து இருக்கின்றன. மரபுத்தொகுதியில் லட்சக்கணக்கான இடங்களை ஒன்றாக வைத்து ஒப்பிட்டால்தான் ஒருவரின் வம்சாவளி குறித்து நம்பகமாக எதையாவது சொல்ல முடியும். கண் பார்ப்பதோ, அவற்றில் மிகச் சிறு பகுதியின் விளைவை மட்டுமே.

அன்று இரவு பெரியவள் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அந்த 64 கட்டங்களையும் வரைந்து தங்கைக்குக் காட்டினாள். "இதுல நான் எந்தக் கட்டம்?" என்று சின்னவள் கேட்டாள். நாலு பெரிய எழுத்து என்று வைத்துக்கொண்டால் பதினைந்து கட்டங்களில் ஏதாவது ஒன்று, அதிலும் ஆறு விதமான ஜீனாக்கம் உண்டு என்று எண்ணிக் காட்டிவிட்டு, "எதுன்னு உன் மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாதுடி" என்றாள்.