ஃப்ளூ ஊசி: இரண்டாவது டோஸ் காசு பறிக்க அல்ல

“குழந்தைக்கு ஃப்ளூ ஊசி ஒண்ணு போட்டாலே போதும். ரெண்டாவது டோஸ் காசு பறிக்கிற வேலை.”

இப்படிச் சொன்ன அண்ணே, இது தப்பு. 6 மாதம் முடிந்து 9 வயது ஆகாத பிள்ளைக்கு முதல் தடவை போடும்போது இரண்டு டோஸ் வேண்டும். பெரியவங்க உடம்பு பலமுறை ஃப்ளூ கிருமியைப் பார்த்திருக்கும், ஒரு ஊசியே பழைய நினைவைத் தட்டி எழுப்பிடும். சின்னப் பிள்ளைக்கு அந்த நினைவே இருக்காது. முதல் டோஸ் கிருமியை அறிமுகம் செய்யும், இரண்டாவதில்தான் எதிர்ப்புச் சக்தி நன்றாக ஏறும்.

இடைவெளி குறைந்தது 4 வாரம். திருமங்கலத்தில் என் அக்கா பேத்திக்கு, ரெண்டு வயசு, செப்டம்பர் 1-ல் முதல் ஊசி. அடுத்தது 29-ல். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் ஆகும், அக்டோபர் 13 வாக்கில்தான் பாதுகாப்பு. ஐப்பசி மழை தொடங்கினபின் ஓடினால் பிந்திவிடும்.

“நாலு வாரம் தாண்டினா முதல்ல இருந்து போடணும்” என்ற தம்பி சொன்னதும் சரியில்லை. நாலு வாரத்துக்கு முந்தக் கூடாது, அவ்வளவுதான். பிந்தினால் விட்டுப்போனதை மட்டும் உடனே போட்டால் போதும். அடுத்த வருடத்திலிருந்து வருடம் ஒன்று.

ஊசி போட்டதும் காய்ச்சல் வருதே, அது ஃப்ளூதானே என்று கேட்ட மேலூர் அக்கா, ஊசிக்கு மறுநாள் லேசான காய்ச்சல் வரலாம். அது ஃப்ளூ இல்லை, செயலிழந்த கிருமிதான் ஊசியில் இருக்கு. ஆனா மூணு நாளாகியும் குறையலைன்னா வேறு காரணமாக இருக்கலாம், பிள்ளையை டாக்டரிடம் காட்டுங்க.