பாதி மறைத்த லென்ஸும் முழுப் பிம்பமும்

“குவிலென்சின் மேல் பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்தால், திரையில் பிம்பத்தின் பாதி காணாமல் போய்விடும்.”

இது தவறு. 10 செ.மீ. குவியத் தொலைவுள்ள அகலமான குவிலென்சுக்கு முன்னால், 15 செ.மீ. தொலைவில், 2 செ.மீ. உயரமுள்ள பொருளை அச்சின்மேல் வரைந்து பாருங்கள். பொருளின் உச்சியிலிருந்து அச்சுக்கு இணையாகச் செல்லும் கதிர் லென்சுக்கு அப்பாலுள்ள குவியத்தின் வழியாகவும், மையத்தைத் தொடும் கதிர் வளையாமல் நேராகவும் சென்று, லென்சிலிருந்து 30 செ.மீ. தொலைவில் அச்சுக்கு 4 செ.மீ. கீழே சந்திக்கின்றன. கதிர்கள் உண்மையாகவே கூடுவதால் அது திரையில் விழும் மெய்ப்பிம்பம். தலைகீழானது, உருப்பெருக்கம் 2 மடங்கு.

மேல் பாதியை மறைக்கும்போது அந்த இணைக்கதிர் தடைபடுவது உண்மைதான். ஆனால், பொருளின் பக்கத்துக் குவியத்தின் வழியே சென்று லென்சின் கீழ்ப்பாதியில் விழும் கதிர், அச்சுக்கு இணையாகத் திரும்பி அதே புள்ளியைத்தான் அடைகிறது. நாம் வரையும் இரண்டு மூன்று கதிர்கள் வரைவதற்கு எளிதானவை மட்டுமே. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் லென்சின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒளி செல்கிறது என்பதை மறப்பதே இந்தப் பிழையின் வேர். ஆகவே பிம்பத்தின் இடமும் அளவும் மாறுவதில்லை, வெளிச்சம் மட்டும் ஏறத்தாழப் பாதியாகிறது. தாளை லென்சின்மேல் ஒட்டாமல் திரைக்கு அருகில் பிடித்தால்தான் பிம்பத்தின் ஒரு பகுதி மறையும்.