இன்னும் பேப்பரே போடாதவரின் ஆபீசுக்கு யார் போன் போட்டது?

நான் எச்.ஆரில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். இதில் கொஞ்சம் என் குற்றமும் உண்டு என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில், கடைசிச் சுற்று முடித்த ஒரு தம்பிக்குப் பின்னணிச் சரிபார்ப்புப் படிவத்தை அனுப்பினோம். ஆஃபர் லெட்டர் இன்னும் போகவில்லை. கையெழுத்துப் போட்டு அரை மணி நேரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் அவரிடமிருந்து போன். "மேடம், நான் இன்னும் பேப்பரே போடலையே. எங்க எச்.ஆருக்கு எதுக்குக் கூப்பிட்டீங்க?" சரிபார்க்கும் ஏஜென்சிக்காரர் அவர் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கே போன் போட்டு, இவர் உங்களிடம்தான் இருக்கிறாரா, எப்போது கிளம்புகிறார் என்று கேட்டிருக்கிறார். அன்று மாலையே மேனேஜர் கூப்பிட்டுப் பேசிவிட்டார். இரண்டு வாரத்தில் எங்கள் பக்கம் அந்தப் பதவியை நிறுத்தி வைத்தார்கள். அங்கே முகம் பார்க்க முடியவில்லை, இங்கே வேலையும் இல்லை.

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 'என் இன்றைய மற்றும் முன்னாள் முதலாளிகள், கல்வி நிறுவனங்கள், அரசு அலுவலகங்கள், மற்ற எவரிடமிருந்தும் என்னைப் பற்றிய எந்தத் தகவலையும் பெற அனுமதிக்கிறேன். இதனால் எழும் எல்லாப் பொறுப்பிலிருந்தும் கம்பெனியையும் அதன் முகவர்களையும் விடுவிக்கிறேன்.' கீழே அவர் கையெழுத்து. ஏஜென்சி ஒரு தப்பும் செய்யவில்லை, எழுதியிருந்ததைத்தான் செய்தது.

அந்த ஒரு வாக்கியத்தில் 'எவரிடமும்', 'எந்தத் தகவலையும்' இரண்டும் இருக்கின்றன. 'எப்போது' மட்டும் இல்லை. என்னைக் கேட்டால், அனுமதி வாசகத்தில் மிக முக்கியமான சொல் அதுதான். முந்தைய கம்பெனியிடம் இன்றைக்குக் கேட்டாலும் அடுத்த மாதம் கேட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இப்போதைய கம்பெனியிடம் ரிலீவிங் லெட்டருக்கு முன்னால் கேட்டால் ஒருவரின் சோறே போய்விடும். அதனால் இப்போது நான் எழுதும் படிவத்தில் இது தனிப் பத்தி:

'நீங்கள் இப்போது வேலை பார்க்கும் நிறுவனத்தை, நீங்கள் அங்கிருந்து விலகி, தொடர்பு கொள்ளலாம் என்று எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கும் வரை நாங்களோ ஏஜென்சியோ தொடர்புகொள்ள மாட்டோம். அதுவரை சம்பளச் சீட்டும் நியமனக் கடிதமும் போதும். அந்த ஒரு சரிபார்ப்பு மட்டும் நீங்கள் சேர்ந்த பிறகு நடக்கும்.'

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதி என்பது குறிப்பிட்ட நோக்கத்துக்கு, அந்த நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே. 2025 நவம்பரில் வந்த விதிகள், அறிவிப்பு மற்ற காகிதங்களோடு கலக்காமல் தனியாகப் படித்தாலே புரிய வேண்டும், எந்தெந்தத் தரவு என்று வகைவாரியாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. கம்பெனிகளுக்கு அன்றிலிருந்து 18 மாத அவகாசம். அதுவரை பழைய படிவமே ஓடட்டும் என்று நினைப்பவர்களை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் இந்த 'தனிக் காகிதம்' விதி பல வருஷமாக இருக்கிறது. அந்தக் காகிதத்துக்குள் 'பொறுப்பிலிருந்து விடுவிக்கிறேன்' என்ற வரியை நுழைத்தது விதிமீறல் என்று 2017இல் அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பே சொல்லிவிட்டது. நம் ஊர்ப் படிவங்களில் அந்த வரி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. நான் எடுத்துவிட்டேன். யாரும் செத்துப்போகவில்லை.

அடுத்தது பி.எஃப். வேறெங்காவது இரட்டை வேலை பார்க்கிறாரா என்று தெரிந்துகொள்ள பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வாங்கி, ஓடிபியையும் கேட்டு, ஏஜென்சிக்காரர் பி.எஃப். தளத்துக்குள் போய்ப் பாஸ்புக்கையே இறக்கிக்கொள்கிறார். பாஸ்புக்கில் மாதாமாதம் பிடித்த தொகை இருக்கும். 12 சதவீதத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் பி.எஃப். பிடிக்கிற சம்பளம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். நமக்குத் தேவை எங்கே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது மட்டும்தானே? அதற்கு அதே தளத்தில் View → Service History பக்கம் போதும். எனவே படிவத்தில்: 'பணி வரலாற்றுப் பக்கத்தின் பிரதியை நீங்களே எடுத்து அனுப்புங்கள். பாஸ்புக் வேண்டாம். ஓடிபியை யார் கேட்டாலும், எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், தராதீர்கள்.' பிரதியைத் திருத்தி அனுப்பிவிடுவார்களே என்று ஏஜென்சி கேட்டது. நியாயமான கேள்விதான். சந்தேகம் வந்தால் வீடியோ அழைப்பில் அவரே திறந்து காட்டட்டும் என்று முடித்தோம்.

அப்புறம் நம் தமிழ்ப் பெயர்கள். ஒருவர் ஆதாரில் செந்தில் குமார். குமார் அவர் அப்பா பெயர். மார்க் ஷீட்டில் கே. செந்தில். நீதிமன்றப் பதிவுகளில் பெயரை வைத்துத் தேடினால் இந்த மாநிலத்தில் எத்தனை செந்தில்குமார் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அறிக்கையில் 'பொருத்தம் இருக்கலாம்' என்று சிவப்பில் வரும். ஆள் எடுக்கும் மேனேஜர் சிவப்பைப் பார்த்ததும் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். இவருக்குக் காரணமே தெரியாது. அதற்காக ஒரு வரி சேர்த்தேன்: 'உங்களுக்குப் பாதகமாக எதுவும் வந்தால், முடிவெடுக்கும் முன் அந்தப் பக்கத்தை உங்களுக்கு அனுப்புவோம். பதில் சொல்ல 7 வேலை நாள் உண்டு.' முதல் தடவை அனுப்பியபோது, வழக்கில் இருந்தவரின் அப்பா பெயரும் ஊரும் வேறு என்பதை அவரே பத்து நிமிடத்தில் காட்டிவிட்டார்.

வாசகத்தால் சரிசெய்ய முடியாத ஒன்றும் இருக்கிறது. வேலை வேண்டும் என்று நிற்பவர் கொடுக்கும் அனுமதி எவ்வளவு தூரம் சுதந்திரமானது? வேலை தொடர்பான காரணங்களுக்கு அனுமதி இல்லாமலே தரவைப் பயன்படுத்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. இன்னும் சேராத விண்ணப்பதாரருக்கு அது எட்டுமா என்பதில் வக்கீல்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நான் செய்வது, பொய் சொல்லாமல் இருப்பது. 'படிப்பு, முந்தைய வேலை இரண்டும் இந்தப் பதவிக்குக் கட்டாயம், மறுத்தால் மேலே போக முடியாது. வீட்டு முகவரிச் சரிபார்ப்பை நீங்கள் மறுக்கலாம், அதனால் தேர்வு பாதிக்காது' என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதுகிறேன். முகவரிக்கு ஆள் போய்ப் பக்கத்து வீட்டில் விசாரிப்பதை முழுக்கவே நிறுத்தியாகிவிட்டது. வாடகை வீட்டில் இருக்கும் பெண்ணைப் பற்றி எதிர் வீட்டுக்காரரிடம் என்ன கேட்பார்கள் என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. தேர்வாகாதவர்களின் காகிதங்கள் 90 நாளில் எங்களிடமும் ஏஜென்சியிடமும் அழிக்கப்படும் என்பதும் படிவத்தில் இருக்கிறது.

இவ்வளவும் எழுதி, தமிழிலும் போட்டு, நிம்மதியாக இருந்தேன். போன மாதம் ஏதோ வேலையாக ஏஜென்சியின் தளத்துக்குள் போனேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அதில் 'இப்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாமா' என்று ஒரு பெட்டி. எங்கள் படிவம் என்ன சொன்னாலும், அந்தப் பெட்டியில் டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது. நாற்பத்தோரு பேருக்கு. இருபத்தெட்டு பேருக்கு இன்னும் போன் போகவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். மீதிப் பதின்மூன்று பேரிடம் நானே கூப்பிட்டுச் சொன்னேன்.